எட்டு ஆண்டுகள் கழித்து வரும் ஐந்து லட்சம்



தந்தை மறைந்தபின் வீட்டைப் பங்கிடும் காலத்தில் பல குடும்பங்களில் எழும் ஒரு கேள்வியை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். முத்தழகுப்பட்டியில் ஒரு வீடு; அதில் அண்ணன் குடியிருக்கிறான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தங்கை வேடசந்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் நூற்பாலைத் தொழிலாளி. தந்தை உயில் எழுதாமல் இறந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கே உண்டு. தங்கையின் பங்கு இன்றைய விலையில் 3 லட்சம் ரூபாய். அண்ணன் சொல்கிறான்: “இப்பொழுது கையில் பணமில்லை, அம்மா. பிள்ளைகள் படித்து முடிக்கட்டும். எட்டு ஆண்டுகள் கழித்து 5 லட்சமாகத் தந்துவிடுகிறேன்.”

மூன்றைவிட ஐந்து பெரிதுதான். ஆயினும் எட்டு ஆண்டுகள் கழித்து வரும் 5 லட்சம் இன்று எவ்வளவு பெறும் என்பதை அறிந்தாலன்றி இரண்டையும் ஒப்பிட இயலாது. அதற்குக் கேட்க வேண்டிய கேள்வி இது: இன்று எவ்வளவு பணத்தைப் பத்திரமான இடத்தில் போட்டுவைத்தால், எட்டாம் ஆண்டு முடிவில் அது 5 லட்சமாக வளர்ந்து நிற்கும்? அந்தத் தொகையே இன்றைய மதிப்பு.

வட்டிவீதத்துக்கு அஞ்சலகத்தையே அளவுகோலாகக் கொள்வோம். கிசான் விகாஸ் பத்திரத்துக்கு 2023 ஏப்ரலில் ஆண்டுக்கு 7.5 விழுக்காடு என்று அரசு அறிவித்தது. (இவ்வீதம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பரிசீலிக்கப்படுவது, ஆகவே கணக்கிடும் நாளில் விசாரித்துக்கொள்க.) ஒரு ரூபாய் ஓராண்டில் 1.075 ஆகும். மறு ஆண்டு அந்த வட்டிக்கும் வட்டி சேரும். எனவே 1.075 என்பதை எட்டு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 1.7835. 5 லட்சத்தை இதனால் வகுத்தால் வருவது சுமார் 2,80,350 ரூபாய். அண்ணன் தருவதாகச் சொல்வது தங்கையின் பங்கைவிட ஏறக்குறைய இருபதினாயிரம் குறைவு என்பது இப்பொழுது தெரிகிறது.

இங்கே நம்மவர் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. “ஏழரையை எட்டால் பெருக்கினால் அறுபது, ஆகவே 1.60ஆல் வகு” என்பார்கள். அப்படிச் செய்தால் 3,12,500 ரூபாய் வரும். தங்கைக்கு இலாபம் என்று தோன்றும்! வட்டிக்கு வட்டியை விட்டுவிட்டதனால் தீர்ப்பே தலைகீழாகிவிட்டது. பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி, வந்த விடையை முன்னோக்கி வளர்த்துப் பார்ப்பதே. 3,12,500 ரூபாயை அதே வீதத்தில் எட்டு ஆண்டுகள் விட்டுவைத்தால் 5,57,000க்கு மேல் போய்விடும். 5 லட்சத்தில் வந்து நிற்காத விடை சரியான விடையன்று.

வீதம் மாறினாலும் தீர்ப்பு மாறும். 6 விழுக்காடு என்று வைத்தால் அதே 5 லட்சம் இன்று 3,13,700 ரூபாய் பெறும். அண்ணன் சொல்வது நியாயமாகிவிடும். ஆகவே வீதத்தை இருவரும் முதலில் ஒப்புக்கொண்டு, பிறகே தொகையைப் பேச வேண்டும். காலம் நீளும்போது இந்த வேறுபாடு எவ்வளவு பெருகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1992இல் ஐ.டி.பி.ஐ. நிறுவனம் 2,700 ரூபாய்க்கு ஒரு கடன்பத்திரம் வெளியிட்டது. 25 ஆண்டுகள் கழித்து அதற்கு ஒரு லட்சம் என்றது. இது ஆண்டுக்கு ஏறக்குறைய 15.5 விழுக்காடு. மகளின் திருமணத்துக்கென்று அதை வாங்கி வைத்தோர் பலர். பின்னர் நாட்டில் வட்டி இறங்கியது. 10 விழுக்காட்டில் கணக்கிட்டாலும், பதினைந்து ஆண்டுகள் எஞ்சியிருந்த அந்த ஒரு லட்சம் 2002இல் 23,900 ரூபாய்க்கு மேல் பெற்றிருக்கும். ஆனால் இடையிலேயே தீர்த்துக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்குப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அவ்வாண்டில் 12,000 ரூபாய் கொடுத்து அது கணக்கை முடித்துக்கொண்டது. சட்டப்படி குற்றமில்லை, லட்சத்தை மட்டும் படித்தவர்கள் அந்த வரியைப் படிக்கவில்லை.

நம் அண்ணன் தங்கைக்குத் திரும்புவோம். 7.5 விழுக்காடு என்று இருவரும் இசைந்தால், எட்டாம் ஆண்டு முடிவில் தர வேண்டிய தொகை 3 லட்சத்தை 1.7835ஆல் பெருக்கி வரும் 5,35,000 ரூபாய். (வீட்டின் விலை அதனினும் விரைவாக ஏறும் என்று தங்கை கருதினால், பணமாகப் பேசாமல் பங்கைப் பங்காகவே வைத்துக்கொள்வது அவள் உரிமை.) அண்ணன் சொல் தவறாதவனாயினும், எழுதிப் பதிவு செய்துகொள்வது இரு வீட்டுக்கும் நல்லது. அந்தப் பத்திரத்தில், முன்கூட்டித் தீர்த்தால் எவ்வளவு என்பதும் இருக்கட்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் அவன் கையில் பணம் வந்துவிட்டால், 1.075ஐ மூன்று முறை பெருக்கி வரும் 1.2423ஐக் கொண்டு, 3,72,700 ரூபாய் கொடுத்தால் போதும்.