பிபிஎஃப் பக்தர்களுக்கு ஒரு பகிரங்க மறுப்பு

ஜனவரி வந்தாலே ஆபீஸில் ஒரே பாட்டுதான். "பிபிஎஃப்ல ஒன்றரை லட்சம் போட்டாச்சா?" எங்க டீம் அண்ணாச்சி ஒருத்தர், வயசு 38, இதில் பெரிய பக்தர். "தம்பி, சர்க்கார் கியாரண்டி, வரி கிடையாது, கண்ணை மூடிட்டுப் போடு. ஷேர் மார்க்கெட் எல்லாம் சூதாட்டம்." இன்னொரு பக்கம் மியூச்சுவல் ஃபண்ட் கோஷ்டி. வருஷம் 12% என்று கால்குலேட்டரில் தட்டி, கோடிகளைக் காட்டி மயக்கும் கூட்டம். ரெண்டு பேரிடமும் எனக்குச் சண்டை உண்டு. ஆனால் இந்தப் பதிவு முக்கியமாக அண்ணாச்சி கட்சிக்கு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிடறேன். மாசச் சம்பளத்தில் இபிஎஃப் முழுசாகப் பிடிக்கப்படும் ஒருத்தர், 20 வருஷம் கழித்து வரும் ஓய்வுக்காக புதுசாகச் சேர்க்கும் பணத்தைப் பிபிஎஃப்பில் போடுவது, குடை பிடித்துக்கொண்டே ரெயின்கோட்டும் போடுகிற மாதிரி. அந்தப் பணம் போக வேண்டிய இடம் இண்டெக்ஸ் ஃபண்ட். காரணம் "ஷேர் மார்க்கெட் எப்பவும் ஏறும்" என்பது அல்ல. ஏறாமல் போனாலும் தாங்குவதற்கான ஏற்பாடு உங்க பே ஸ்லிப்பிலேயே இருக்கிறது என்பதுதான்.

அண்ணாச்சி கணக்கையே எடுத்துப்போம். பேசிக் 50,000 ரூபாய். அவர் பங்கு 12%, அதாவது 6,000. கம்பெனியும் 6,000 போடுகிறது, அதில் 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும். மிச்சம் 4,750. ஆக மாசம் 10,750 இபிஎஃப்பில் விழுகிறது. 2024-25க்கு அறிவித்த வட்டி 8.25%. இதே வட்டி தொடர்ந்து, சம்பளம் ஒரு பைசா ஏறவில்லை என்று வைத்தாலும், 20 வருஷத்தில் இது சுமார் 63 லட்சம். இதுவரை சேர்ந்தது தனி.

இதுவும் சர்க்கார் சம்பந்தப்பட்டதுதான், இதுவும் ஆடாத பணம்தான். பாதுகாப்பான பங்கு ஏற்கெனவே இருக்கிறது அண்ணாச்சி! அப்புறம் எதற்கு அதே ஜாதிப் பணத்தை, அதைவிடக் குறைந்த வட்டிக்கு, இன்னொரு டப்பாவில் போடுகிறீர்கள்? இல்லை, எனக்கு இன்னும் பாதுகாப்புதான் வேண்டும் என்றால் ஹெச்ஆரிடம் சொல்லி விபிஎஃப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்க சொந்தப் பங்கு வருஷத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டாத வரை அந்த வட்டிக்கும் வரி இல்லை. வட்டி பிபிஎஃப்பைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் அதிகம்.

அடுத்து "கியாரண்டி". இந்த வார்த்தையை அண்ணாச்சி சொல்லும்போது 20 வருஷமும் ஒரே வட்டி என்று காதில் விழுகிறது. அப்படி யாரும் சொல்லவில்லை. போட்ட முதலுக்கு சர்க்கார் பொறுப்பு, சரி. வட்டியை மூன்று மாசத்துக்கு ஒரு தடவை நிதி அமைச்சகம் அறிவிக்கும். 2000 ஜனவரி வரைக்கும் இது 12% இருந்தது. 2003-ல் 8% ஆகிவிட்டது. 2020 ஏப்ரலில் 7.1% ஆனது, அதற்கப்புறம் பல வருஷம் அசையவே இல்லை. 12% காலத்தில் கணக்குத் திறந்து "ஆயுசுக்கும் இதே" என்று நினைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வரி மேட்டரும் அப்படித்தான். புது வரித் திட்டத்தில் இருப்பவருக்கு பிபிஎஃப்பில் போட்டதற்குக் கழிவே கிடையாது, வட்டிக்கு வரி இல்லை என்பது மட்டும் மிச்சம். பழைய திட்டத்தில் இருந்தாலும், 80சி என்று நாம் சொல்லிப் பழகிய அந்த ஒன்றரை லட்சத்தில் அண்ணாச்சியின் இபிஎஃப் பங்கே 72,000 சாப்பிட்டுவிடும். மிச்சத்தை பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் இன்சூரன்ஸும் நிரப்பிவிடும்.

சரி, இப்போ உண்மையான போட்டி. 12% கால்குலேட்டரை எல்லாம் தூர வைங்க. கேள்வியைத் திருப்பிக் கேட்போம்: பிபிஎஃப்பைச் சமன் செய்ய இண்டெக்ஸ் ஃபண்ட் எவ்வளவு ஓடினால் போதும்?

வருஷா வருஷம் ஏப்ரல் 5-க்குள் ஒன்றரை லட்சம், 20 வருஷம், 7.1%. போட்டது 30 லட்சம், கையில் வருவது 66.6 லட்சம். வரி பூஜ்யம். அதே பணத்தை அதே தேதியில் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டால், கடைசியில் லாபத்துக்கு வரி உண்டு. 2024 ஜூலையில் வந்த விதிப்படி வருஷத்துக்கு 1.25 லட்சம் லாபம் போக மிச்சத்துக்கு 12.5%, செஸ் சேர்த்து 13%. எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்று இந்த வரியைக் கட்டினாலும், 66.6 லட்சம் கைக்கு வர ஃபண்டில் சுமார் 72 லட்சம் இருந்தால் போதும். அதற்குத் தேவையான வளர்ச்சி வருஷத்துக்கு சுமார் 7.75%.

அவ்வளவுதான் மக்களே. 12 அல்ல, 15 அல்ல. முக்கால் கிணறு கூட இல்லை, பிபிஎஃப்பைவிட அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். நாட்டின் 50 பெரிய கம்பெனிகள், டிவிடெண்டும் சேர்த்து, ஃபண்டின் செலவு போக இதைத் தாண்டுமா என்பதுதான் பந்தயம். டைரக்ட் பிளானில் அந்தச் செலவு மிகக் குறைவு. ஏஜென்ட் வழியாக ரெகுலர் பிளான் எடுத்தால் அந்த அரை சதவீதத்திலேயே ஒரு பங்கு போய்விடும், கவனம்.

நிஃப்டி 2004 டிசம்பர் கடைசியில் 2,100-ஐ ஒட்டி இருந்தது. 2024 டிசம்பர் கடைசியில் 23,600-ஐத் தாண்டி இருந்தது. டிவிடெண்டைச் சேர்க்காமலே வருஷத்துக்கு 12%க்கு மேல். இது முன்னால் போட்டு வைத்த ஒரே தொகைக்கான கணக்கு, வருஷா வருஷம் போடுபவருக்கு வேறு மாதிரி வரும். அடுத்த 20 வருஷமும் இப்படியே இருக்கும் என்று சொல்ல நான் ஜோசியர் இல்லை. ஆனால் தாண்ட வேண்டிய கம்பி எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று பாருங்கள்.

இப்போ அண்ணாச்சியின் ஒரே நல்ல கேள்விக்கு வருவோம். "ரிட்டயர் ஆகிற வருஷம் மார்க்கெட் விழுந்தா?"

விழும். ஒளிக்க ஒன்றுமில்லை. ஃபண்ட் வருஷம் 10% வளர்ந்தது என்று வைத்தால் 20 வருஷ முடிவில் 94.5 லட்சம். சர்சார்ஜ் வராமல் பிரித்து விற்றால் வரி போக 86 லட்சத்துக்கு மேல். ஆனால் கடைசியில் 40% சரிந்தால் 94.5 என்பது 56.7 ஆகும். அன்றைக்கே விற்றால் வரி போக 53 லட்சம் சொச்சம். பிபிஎஃப்பைவிட 13 லட்சம் கம்மி! 40% என்பது கற்பனையும் அல்ல. 2008 ஜனவரியில் 6,200-க்கு மேல் இருந்த நிஃப்டி அக்டோபரில் 2,600-க்குக் கீழே போனது. 2010-ல் பழைய உயரத்தை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கி, உறுதியாகத் தாண்டியது 2014-ல்தான். ஆறு வருஷம்.

இங்கேதான் 12% கோஷ்டியும் வாயை மூடிக்கொள்ளும், அண்ணாச்சியும் வெற்றிச் சிரிப்பு சிரிப்பார். ரெண்டு பேருமே அந்த 63 லட்சத்தை மறந்துவிடுகிறார்கள். ரிட்டயர் ஆன அன்று இபிஎஃப் கைக்கு வந்துவிடும். மார்க்கெட் விழுந்து கிடந்தால் ஃபண்டைத் தொடாதீர்கள், இபிஎஃப் பணத்தில் சாப்பிடுங்கள். அன்றைக்கு வீட்டுச் செலவு மாசம் ஒரு லட்சம் என்றே வைத்தாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் தாங்கும். சம்பளம் ஏறியிருக்கும், இபிஎஃப்பும் அதற்கேற்ப ஏறியிருக்கும். மார்க்கெட் நல்லா இருந்தால் தேவைக்கு ஃபண்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், வரியும் குறையும். விழுந்த சந்தையில் விற்கிற கட்டாயம்தான் ஆபத்து. விழுவது மட்டும் ஆபத்து அல்ல.

ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பர் உச்சத்தைத் திரும்பத் தாண்ட 2024 பிப்ரவரி ஆனது. அந்த மாதிரி இங்கே நடந்தால் என் கணக்கு தோற்கும். அதனால்தான் எல்லாப் பணத்தையும் ஃபண்டில் போடு என்று நான் சொல்லவில்லை. இபிஎஃப் அப்படியே இருக்கட்டும், புதுப் பணம் மட்டும் என்கிறேன்.

அப்போ பிபிஎஃப் யாருக்கு? பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். பிஎஃப் பிடித்தம் என்ற இடத்தில் பேசிக்கில் 12% இல்லாமல் வெறும் 1,800 என்று இருக்கிறதா? 2014-ல் வைத்த 15,000 ரூபாய் உச்சவரம்பில் கம்பெனி கணக்கை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். கம்பெனி தரப்பிலிருந்து பென்ஷன் போக உங்க பிஎஃப்பில் விழுவது 550 தான். மொத்தம் மாசம் 2,350. 63 லட்சம் என்று நான் கட்டிய சுவர் உங்களுக்கு இல்லை. உங்களுக்குப் பாதிக்குப் பாதி பிபிஎஃப் நியாயம். இபிஎஃப்பே இல்லாத சின்னக் கம்பெனிக்காரர், கான்ட்ராக்டில் இருப்பவர், இவர்களுக்கும் அதேதான். பத்து சதவீதம் இறங்கினாலே ராத்திரி தூக்கம் போய் எல்லாவற்றையும் விற்றுவிடும் ரகம் என்றால், உங்களுக்கும் பிபிஎஃப்தான் நல்லது.

அப்படிப் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிபிஎஃப் 15 வருஷத் திட்டம், 20 அல்ல. 15 முடிந்த ஒரு வருஷத்துக்குள் ஃபார்ம் 4 கொடுத்து ஐந்து வருஷம் நீட்டிக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பழைய இருப்புக்கு வட்டி வரும், ஆனால் அதற்கப்புறம் நீங்கள் போடும் புதுப் பணத்துக்கு வட்டி கிடையாது. ஆன்லைனில் பணம் போகிறதே என்று நம்பி உட்கார்ந்திருந்தால் கடைசி ஐந்து வருஷப் பணம் சும்மா தூங்கும்.

மத்தபடி அண்ணாச்சி, 12% முழுசாகப் பிடிக்கும் பே ஸ்லிப்பை வைத்துக்கொண்டு "பாதுகாப்பு, பாதுகாப்பு" என்று பிபிஎஃப் பின்னால் ஓடுவதற்கு ஒரு காரணம் சொல்லுங்கள் பார்க்கலாம். "எங்கப்பா அப்படித்தான் பண்ணார்" என்பதைத் தவிர! அப்பா காலத்தில் 12% கொடுத்தார்கள், நானும் கண்ணை மூடிட்டுப் போட்டிருப்பேன் :-)

டிஸ்கி: உங்க பே ஸ்லிப்பில் 12%-ஆ, 1,800-ஆ? பின்னூட்டத்தில் சொல்லிட்டு அப்புறம் கும்முங்க. கணக்கில் தப்பு கண்டுபிடிப்பவர்கள் எக்ஸெலோடு வரவும்.