விரலால் அழிக்கும்போது காது ஏன் காணாமப் போகுது?

கல்யாண குரூப் போட்டோவிலிருந்து பாட்டியை மட்டும் தனியா எடுத்து ஃப்ரேம் போடணும். வேற நல்ல படமே இல்ல. பின்னணியை விரலால் அழிக்க ஆரம்பிச்சா, கொஞ்ச நேரத்துல காது பாதி காலி. பலர் கை நடுக்கத்தைத் திட்டுகிறார்கள். உண்மையான காரணம் அளவு. முழுப் படமும் திரையில் இருக்கும்போது, பாட்டியின் காது நம் விரல் நுனியைவிடச் சின்னது.

இரண்டு விரலால் நான்கு மடங்கு பெரிதாக்குங்கள். பெரும்பாலான ஆப்களில் படம்தான் பெரிதாகும், பிரஷ் திரையில் அதே அளவில் இருக்கும். அதனால் விரல் நடுங்கினாலும் படத்தில் அது கால்பங்குதான் பதியும்.

அடுத்தது ஓரத்தின் மென்மை. மென்மையான பிரஷ் நடுவில் முழுதாகவும், ஓரத்தில் லேசாகவும் அழிக்கும். எனவே பிரஷ்ஷின் நடுப்பகுதியை உருவத்துக்கு வெளியே ஓட்டி, அதன் ஓரம் மட்டும் விளிம்பைத் தொடும்படி பாருங்கள். தோளுக்கும் புடவை மடிப்புக்கும் கொஞ்சம் மென்மை போதும், தலைமுடிக்குத்தான் அதிகம் வேண்டும். எல்லா இடத்திலும் கூட்டி வைத்தால், பழைய சுவரின் நிறம் புகை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

மண்டபச் சுவர் வெளிர் நிறமென்றால், வெள்ளைப் பின்னணியில் இந்தப் புகை கண்ணுக்கே தெரியாது. அடியில் அடர்சிவப்பை வைத்துப் பாருங்கள், விட்டுப்போனது பளிச்சென்று தெரியும். அதிகமாக அழித்த இடத்தை, ஆப்பில் மீட்கும் பிரஷ் இருந்தால், அதே ஜூமில் திருப்பிக் கொண்டுவரலாம்.

சேமிக்கும்போது PNG தேர்ந்தெடுங்கள். JPG-யில் அழித்த இடம் வெற்றிடமாக நிற்காது, ஏதோ ஒரு நிறத்தால் நிரம்பிவிடும்.