இந்த மாதம் பணம் குறையும் என்று வீட்டில் சொல்லுங்கள்

அன்புள்ள என் மாணவ மாணவியருக்கும், உறவினர்களுக்கும்,

இது சிலருக்குக் கசக்கும். ஆனாலும் எழுதுகிறேன். சென்னையிலும் பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கும் நம் நெய்வேலிப் பிள்ளைகள் பலர், சம்பளம் குறைந்த மாதத்திலும் கடன் வாங்கி வீட்டுக்கு வழக்கமான தொகையை அனுப்புகிறார்கள். "அப்பா அம்மாவுக்குத் தெரியக்கூடாது சார்" என்கிறார்கள். இதைப் பாசம் என்று ஊர் மெச்சுகிறது. நான் மெச்சமாட்டேன். கணக்கு வாத்தியார் என்பதால் கணக்காகவே சொல்கிறேன்.

என் பழைய மாணவன் ஒருவன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். கைக்கு வருவது 31,000 ரூபாய். அதில் 24,000 நிலையான சம்பளம், மீதி 7,000 ஓவர்டைம். வீட்டுக்கு மாதம் 12,000 அனுப்புவான். ஆர்டர் குறைந்ததால் ஓவர்டைம் நின்றது. அறை வாடகை 5,500, சாப்பாடு 4,500, பஸ்ஸும் போனும் 1,500, கல்விக் கடன் தவணை 4,200. ஆக மொத்தம் 15,700. 24,000-இல் அது போக மிச்சம் 8,300. அதாவது 8,000 ரூபாய்தான் அவனால் அனுப்ப முடியும்.

அவன் அனுப்பியது 12,000. குறைந்த 4,000-ஐ கிரெடிட் கார்டை ஏ.டி.எம்.மில் செருகி எடுத்தான். கடையில் பொருள் வாங்கினால் வட்டியில்லாத நாட்கள் உண்டு. ரொக்கம் எடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, எடுத்த அன்றே வட்டி தொடங்கும். அவன் கார்டில் ஒவ்வொரு முறை எடுக்கவும் குறைந்தபட்சக் கட்டணம் 500, அதற்கு ஜி.எஸ்.டி. 90. வட்டி மாதம் மூன்றரை சதவீதம், அதாவது 140, அதற்கும் ஜி.எஸ்.டி. 25. ஆக 4,000 ரூபாயை ஒரு மாதம் வைத்திருக்க 755 ரூபாய் செலவு. கந்துவட்டி என்று நாம் திட்டுவோமே, அது இதைவிட மலிவாக இருக்கும்.

இப்படியே மூன்று மாதம். கூடுதலாக அனுப்பியது 12,000. கடனோ 14,700-ஐத் தாண்டிவிட்டது. ஓவர்டைம் திரும்ப வந்தாலும் முதல் இரண்டு மாத ஓவர்டைம் இதற்கே போய்விடும்.

இனி வீட்டுப் பக்கம் பாருங்கள். அந்த 12,000-இல் அவன் அம்மா மாதம் 2,000 ரூபாயைத் தபால் நிலையத்தில் ஆர்.டி.யாகப் போட்டு வந்தார். எதற்கு? அவன் கல்யாணத்துக்கு! அந்த ஆர்.டி.க்கு வட்டி ஆண்டுக்கு 6.7 சதவீதம். பிள்ளை மாதம் மூன்றரை சதவீதத்துக்குக் கடன் வாங்கி, ஆண்டுக்கு 6.7 சதவீதத்தில் தன் பெயருக்கே சேமித்திருக்கிறான். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் வைத்த பாசத்தில் லாபம் பார்த்தது வங்கி.

ஆர்.டி. தவணையை ஒரு மாதம் தவறவிட்டால் என்ன ஆகும்? நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். 2,000-க்கு 20 ரூபாய். நான்கு தவணைக்கு மேல் தவறினால்தான் கணக்கு நின்றுபோகும். 20 ரூபாயில் முடிய வேண்டியதை 755 ரூபாய் கொடுத்து மறைத்திருக்கிறான். மீதி 2,000-க்கும் வழி இருந்தது. நகைக்கடன் வட்டி 1,200, அந்த மாதமே கட்டியாக வேண்டியதில்லை. ரசீதில் உள்ள கெடு தேதி தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். மீதம் 800-ஐ வீட்டுச் செலவில் சமாளித்திருப்பார்கள். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்தால்தானே சமாளிப்பார்?

சரி, ஏன் சொல்லவில்லை? இங்கேதான் நம் டவுன்ஷிப் பழக்கம் வருகிறது. நிரந்தரத் தொழிலாளியாக இருந்த அப்பாக்களுக்கு மாதச் சம்பளம் குறைந்து பார்த்த அனுபவம் அதிகம் இல்லை. ஏறும், பஞ்சப்படி கூடும். வேலைநிறுத்த மாதத்தில்தான் குறையும். அதனால் சம்பளம் குறைந்தது என்றால் பையன் ஏதோ தப்பு செய்துவிட்டான் என்றே மனசு போகிறது. சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவர் வீட்டில் இந்தக் குழப்பமே இல்லை. வேலை இல்லாத நாளுக்குக் கூலி இல்லை என்பது அவர்களுக்குப் பாடம் எடுக்காமலே தெரியும். இன்றைக்கு நம் பிள்ளைகளின் சம்பளச் சீட்டு அந்த ஒப்பந்தத் தொழிலாளியின் சீட்டைப் போலத்தான் இருக்கிறது. பெற்றவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு காரணம் உறவினர்கள். உங்களைத்தான் சொல்கிறேன். "கல்யாணம் ஆனதும் பணம் குறைஞ்சிடுச்சு பாத்தியா" என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், பழி மருமகள் தலையில். அவள் தன் சம்பளத்தில் இந்த வீட்டுக் கடனையும் சேர்த்து அடைப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. தயவுசெய்து அந்த வாயை மூடுங்கள்.

பிள்ளைகளே, எப்படிச் சொல்வது என்று கேட்கிறீர்கள். இந்த மாதம் ஓவர்டைம் எவ்வளவு என்பது 20 தேதிக்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். அன்றே சொல்லுங்கள். ஒன்றாம் தேதி பணம் வந்த பிறகு தெரிந்தால் அவர்களுக்கு அவகாசம் இல்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் போடாதீர்கள், தங்கையை விட்டோ மனைவியை விட்டோ சொல்லச் சொல்லாதீர்கள். வீட்டுச் செலவைப் பார்ப்பவரிடம் நீங்களே பேசுங்கள். "கொஞ்சம் குறையும்" என்பது பயமுறுத்தும் பேச்சு. தொகையைச் சொல்லுங்கள்.

"அம்மா, கம்பெனியில ஓவர்டைம் நிறுத்திட்டாங்க. இந்த மாசம் பன்னிரண்டுக்குப் பதிலா எட்டாயிரம்தான் போடுவேன். அடுத்த மாசமும் இப்படித்தான் இருக்கும், அதுக்கப்புறம் எப்படின்னு இருபதாம் தேதி சொல்றேன். இந்த மாசம் கட்டாயம் கட்ட வேண்டியது எதெதும்மா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். வாடகை, மருந்து, ஏற்கெனவே எடுத்துவிட்ட சீட்டின் தவணை, இவை மூன்றும் தள்ள முடியாதவை. சீட்டு எடுத்தவர் கட்டாமல் விட்டால் தெருவில் மானம் போகும். மற்றவை தள்ளலாம். தள்ள முடியாதவற்றுக்கே 8,000 போதாது என்றால், அப்போது சேர்ந்து உட்கார்ந்து எந்தக் கடன் மலிவு என்று பாருங்கள். நகைக்கடன் வட்டி பெரும்பாலும் கிரெடிட் கார்டு வட்டியில் பாதிகூட வராது.

"சொன்னால் அப்பாவுக்கு பி.பி. ஏறும் சார்" என்பார்கள். கடன் வசூலிப்பவன் வீட்டுக்கு போன் போட்டால் ஏறாதா?

இதைச் சாக்காக எடுத்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புது போனுக்குத் தவணை கட்டுகிறேன், அதனால் வீட்டுக்குக் குறைவு என்பவனுக்காக நான் எழுதவில்லை. முதலில் தன் செலவைக் குறைத்தானா என்று பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. குறைத்து அனுப்புவது வேறு, கைவிடுவது வேறு.

உண்மையான 8,000 ரூபாயை வைத்து ஒரு தாய் குடும்பம் நடத்திவிடுவார். பொய்யான 12,000-ஐ வைத்து அவர் போடும் கணக்கு எல்லாமே தப்பாகத்தான் வரும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்,
நெய்வேலி.