அவமானமும் சம்பளத்தில் சேர்த்தியா?

மாலை ஏழு மணிக்குப் பொத்தேரி ரயிலடியில் தாம்பரம் வண்டிக்குக் காத்து நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, முகத்தில் களைப்பு. வேலையின் களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். பத்துப் பேர் முன்னிலையில் மேலதிகாரி சொன்ன ஒரு சொல் தூங்கினாலும் போவதில்லை.

இந்தக் கூட்டத்தில் நிற்கும் ஓர் இளம் பெண் அண்மையில் நம்மைச் சந்தித்தார். ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்குப் பிரிவுக் கூட்டம் நடக்கும். அங்கே மேலாளர் இவரைப் பார்த்து, "இந்த மூளைக்கும் சம்பளம் கொடுக்கிறோமே!" என்பார். இவர் வாய் திறந்தால், "பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த வாரம் தங்கள் முறை வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஹெச்.ஆர். இலாகாவுக்குப் புகார் எழுதினார். என்ன எழுதினார்? "மேலாளர் ஆறு மாதமாக என்னைத் தொடர்ந்து அவமதிக்கிறார், மன உளைச்சலாக இருக்கிறது, தக்க நடவடிக்கை எடுக்கவும்." மூன்றே வரி. பதில் என்ன? ஒரு தேநீர், ஒரு புன்னகை, "அவர் சுபாவமே அப்படித்தான் அம்மா, நாங்கள் பேசுகிறோம்" என்ற வாய்மொழி. அத்துடன் விஷயம் முடிந்தது!

நாம் கேட்கிறோம்: சுபாவமாம்! இதே மேலாளர் தன் இயக்குநரிடம் இந்தச் சுபாவத்தைக் காட்டுவாரா? கீழே இருப்பவரிடம் மட்டும் தலைகாட்டும் குணத்துக்குச் சுபாவம் என்று பெயரில்லை. அதிகாரத் திமிர் என்று பெயர்.

இது புதிய நோயுமல்ல. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதையை நினைத்துப் பாருங்கள். பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளில் சாப்பாட்டு நேரம் போதாது என்பது ஒன்று. மேற்பார்வையாளர்கள் இழிவாக நடத்துகிறார்கள் என்பது மற்றொன்று. அன்று தறிப்பக்கம் நின்று ஏசினார்கள். இன்று குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து ஏசுகிறார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

ஆனால் ஆத்திரம் மட்டும் போதாது. அந்த மூன்று வரிப் புகார் ஏன் தோற்றது? அதில் விசாரிப்பதற்கு எதுவுமில்லை. தேதி இல்லை, சொல் இல்லை, சாட்சி இல்லை. "அவமதிக்கிறார்" என்பது முடிவு, ஆதாரமல்ல. முடிவை மறுப்பது எளிது. "12-ந் தேதி, பத்தரை மணி, இன்னின்னார் இருக்கையில், இந்த வார்த்தை" என்பதை மறுக்க ஒருவர் பொய் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது மனுவை அப்படித்தான் எழுதச் சொன்னோம். ஒரு நோட்டு வாங்கினார். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அன்றே எழுதினார்: நாள், நேரம், சொன்ன சொல் சொன்னபடியே, உடனிருந்தவர்கள், அதற்கு முன் நடந்த பேச்சு. ஆறு வாரத்தில் நான்கு சம்பவங்கள் சேர்ந்தன. வேலையைப் பற்றிய கண்டனத்தைப் புகாரிலிருந்து தள்ளிவைத்தார். "மூன்றாம் பக்கத்தில் கூட்டல் தவறு" என்று மேலாளர் சொன்னால் அது அவர் வேலை. திருத்திக் கொள்ள வேண்டும். "இந்த மூளைக்கும் சம்பளமா" என்றால் எந்தக் கூட்டல் திருந்துகிறது? இந்தப் பிரிவினையை நாமே செய்யாவிட்டால், "வேலையில் குறை சொன்னேன், கோபித்துக் கொண்டார்" என்று மேலாளர் தப்பித்துக் கொள்வார்.

கோரிக்கையும் மாறியது. "தக்க நடவடிக்கை" என்பதற்குப் பதில் மூன்று கேட்டார்: எழுத்துமூலமான விசாரணை; வேலைக் குறைகளைத் தனியாக, எழுத்தில் தெரிவித்தல்; அந்த ஆண்டு மதிப்பீட்டை வேறு அதிகாரி பார்த்தல். மனுவை மின்னஞ்சலில் அனுப்பினார். ஹெச்.ஆர். வாய்மொழியாகப் பேசிய அன்றே, "இன்று தாங்கள் கூறியது இது" என்று பதில் எழுதினார். கம்பெனியின் கோப்புகளை மட்டும் தன் சொந்த முகவரிக்கு அனுப்பவில்லை. அதைச் செய்திருந்தால், இரகசியம் கசிந்தது என்று குற்றவாளிக் கூண்டு அவர் பக்கம் திரும்பியிருக்கும்.

விசாரணை நடந்தது. உடனிருந்தவர்களில் இருவர் உண்மையைச் சொன்னார்கள். மேலாளரின் பதவி போகவில்லை. ஆனால் திங்கட்கிழமைச் சிரிப்பு நின்றது, மதிப்பீடு வேறு கைக்குப் போனது. அந்த இருவர் வாய் திறந்திராவிட்டால் இதுவும் நடந்திராது.

ஹெச்.ஆர். கை விரித்தால் என்ன செய்வது? அது நிர்வாகத்தின் இலாகா; நிர்வாகத்தைக் காப்பது அதன் உத்தியோகம். அதற்கு வெளியேயும் ஒரு வழி உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின் 4-வது பிரிவின்படி, 20 தொழிலாளர்களுக்குக் குறையாத ஸ்தாபனத்தில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். அதில் நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கை. குறை எழுந்த ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். 30 நாளில் குழு விசாரித்து முடிக்க வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒப்பாவிட்டால் அது முடிவே ஆகாது.

முடிவு பிடிக்காவிட்டாலோ, 30 நாளில் தீராவிட்டாலோ, 60 நாட்களுக்குள் சமரச அதிகாரியிடம் போகலாம். எப்படிப் போவது? இங்கேதான் முடிச்சு. தான் உறுப்பினராயுள்ள தொழிற்சங்கத்தின் மூலமாகப் போக வேண்டும் என்கிறது சட்டம். சங்கம் இல்லாதவர் என்ன செய்வார்? குழுவின் வாசலிலேயே நின்றுவிடுவார்! "எங்களுக்கெதற்குச் சங்கம், நாங்கள் படித்தவர்கள்" என்று சொல்லும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கட்டும்.

சட்டத்தின் ஓட்டைகளையும் மறைக்க மாட்டோம். இந்தக் குழு "தொழிலாளி"க்கு உரியது. நிர்வாகப் பதவியிலிருப்பவரையும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரையும் அந்தச் சொல் உள்ளடக்காது. பெயருக்கு "மேனேஜர்" பட்டம் கொடுத்துவிட்டு, கீழே ஓர் ஆளும் இல்லாமல் வேலை வாங்கும் தந்திரத்தின் நோக்கம் இப்போது விளங்குகிறதா? பட்டத்தைப் பார்க்காதீர்கள், உண்மையில் செய்யும் வேலையைச் சுட்டி வாதாடுங்கள்.

ஏச்சின் தன்மையையும் பார்க்க வேண்டும். அதில் பாலியல் தொனி இருந்தால் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவிடம் போக வேண்டும். அங்கே கெடு மூன்று மாதம்தான். தலித் அல்லது பழங்குடித் தொழிலாளியைச் சாதியைச் சொல்லிப் பிறர் முன் இழிவுபடுத்தினால் அது ஹெச்.ஆர். விவகாரமே அல்ல, 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதற்குப் போலீஸ் நிலையம் இருக்கிறது. "உள்ளேயே பேசித் தீர்ப்போம்" என்று யார் சொன்னாலும் இந்த இரண்டிலும் ஏமாறக் கூடாது.

அந்தப் பெண் நம்மிடம் கடைசியாகச் சொன்னது இது: "நோட்டில் எழுதத் தொடங்கிய அன்றுதான், தப்பு என்னிடம் இல்லை என்று எனக்கே தெரிந்தது." ஆனால் நோட்டு ஒருவருடையது, சாட்சி இருவருடையது. அடுத்த திங்கட்கிழமை பக்கத்து நாற்காலிக்காரரை ஏசும்போது சிரிக்காமல் இருப்பவர் எத்தனை பேர்? தேதியைக் குறித்துக் கொள்பவர் எத்தனை பேர்? பொத்தேரி முதல் மறைமலைநகர் வரை ஒவ்வோர் அலுவலகத்திலும் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்.