வளைவுக்குக் கொடுக்கும் வாடகை

மக்களவைத் தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்ட 2024 ஜூன் 4 அன்று, நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 6 சதவீதம் சரிந்தது. பங்குகளை வைத்திருந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். சந்தை விழுந்தால் லாபம் தரும் புட் ஆப்ஷன்களை முன்கூட்டியே வாங்கியிருந்தவர்களுக்கோ கொண்டாட்டம். புதியவர்களை ஆப்ஷன் பக்கம் இழுப்பவை இப்படிப்பட்ட நாட்களின் கதைகள்தான். "போனால் கட்டிய பிரீமியம் மட்டும்தான் போகும். வந்தால் அளவே இல்லை" என்பார்கள் புரோக்கர்கள். இதில் பொய் இல்லை. ஆனால் இது பாதி உண்மைதான்.

மீதிப் பாதியைப் பார்க்க ஒரு கணக்குப் போடலாம். நிஃப்டி 25,000 புள்ளிகளில் நிற்கிறது. அதே 25,000 விலைக்கு வாங்கும் உரிமையைத் தரும் கால் ஆப்ஷனுக்கு இன்னும் 30 நாள் ஆயுள். சந்தையின் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, வட்டியை ஒதுக்கிவிட்டால் இதன் பிரீமியம் சுமார் 430 ரூபாய்.

வாங்கிய உடனேயே நிஃப்டி 500 புள்ளிகள் ஏறினால் ஆப்ஷன் 730 ரூபாய் ஆகும். லாபம் 300. மேலும் 500 ஏறினால் 1,110 ரூபாய். இந்த முறை லாபம் 380. மாறாக, 500 இறங்கினால் நஷ்டம் 210தான். அடுத்த 500 இறக்கத்தில் போவது 120 மட்டுமே. ஏற ஏற லாபத்தின் வேகம் கூடுகிறது. இறங்க இறங்க நஷ்டத்தின் வேகம் குறைகிறது. காரணம் எளிது: ஏறும்போது உரிமை பயன்படும் வாய்ப்பு கூடி, ஆப்ஷன் கிட்டத்தட்ட நிஃப்டியைப் போலவே நகரத் தொடங்குகிறது. இறங்கும்போது வாய்ப்பு மங்கி, நிஃப்டியின் பிடியிலிருந்து நழுவுகிறது. காகிதத்தில் வரைந்தால் இது நேர்கோடாக வராது. மேல்நோக்கி வளையும்.

இந்த வளைவை யாரும் இலவசமாகத் தருவதில்லை. நிஃப்டி அசையாமல் 25,000லேயே நின்றால் 430 ரூபாய் ஆப்ஷன், முதல் பத்து நாளில் 350 ஆகிறது. அடுத்த பத்து நாளில் 250. கடைசிப் பத்து நாளில் பூஜ்யம். முதல் பத்து நாளில் 80 ரூபாய் தேய்ந்தது, கடைசிப் பத்து நாளில் 250 ரூபாய் தேய்கிறது. சனி, ஞாயிறுக்கும் விலக்கில்லை.

ஆரம்பத்தில் இந்தத் தேய்மானம் நாளுக்குச் சுமார் 7 ரூபாய். அதற்கு ஈடாக வளைவு என்ன தருகிறது? ஆப்ஷனை வாங்கியவர் அதில் பாதி அளவுக்கு நிஃப்டி ஃப்யூச்சரை விற்று வைத்தால், சந்தை எந்தத் திசையில் போனாலும் ஒன்றின் லாபத்தை மற்றதன் நஷ்டம் சரிக்கட்டிவிடும். மிஞ்சுவது வளைவு மட்டும். அப்போது நிஃப்டி ஒரே நாளில் 200 புள்ளிகள் ஏறினாலும் இறங்கினாலும் சுமார் 7 ரூபாய் கிடைக்கும். வாடகைக்குச் சரியாகப் போய்விடும். 100 புள்ளிகள் மட்டும் நகர்ந்தால் பாதி கிடைக்காது, கால்வாசிதான். 400 நகர்ந்தால் இரட்டிப்பு அல்ல, நான்கு மடங்கு. பல நாள் வாடகையை ஒரு பெரிய நாள் கட்டிவிடும் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. அந்த நாள் வராமலே ஆயுள் முடிவதும் உண்டு.

அந்த 200 என்ற எண் எங்கிருந்தோ வந்ததல்ல. ஆண்டுக்கு 15 சதவீதம் என்ற ஏற்ற இறக்கத்தை 19ஆல் வகுத்தால் (365இன் வர்க்கமூலம் சுமார் 19) ஒரு நாளுக்கு 0.8 சதவீதம் வரும். 25,000இல் அது 200 புள்ளிகள். அதாவது, சந்தை எவ்வளவு ஆடும் என்று எதிர்பார்க்கப்படுகிறதோ அதற்குத் தக்கபடி வாடகை ஏற்கெனவே நிர்ணயமாகிவிட்டது. வாங்குபவர் ஜெயிக்க, சந்தை ஆடினால் போதாது. எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஆட வேண்டும்.

பட்ஜெட், தேர்தல் முடிவு போன்றவற்றுக்கு முந்தைய நாள் வாங்குபவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். பரபரப்பில் எதிர்பார்ப்பு 20 சதவீதமாக உயர்ந்திருந்தால், இதே ஆப்ஷனின் விலை சுமார் 570 ரூபாய். செய்தி வந்து எதிர்பார்ப்பு 15க்குத் திரும்பினால், நிஃப்டி நகராவிட்டாலும் மறுநாள் காலையிலேயே 140 ரூபாய் காணாமல் போகும். நிஃப்டி அவர் நினைத்தபடி 200 புள்ளிகள் ஏறியிருந்தாலும் நஷ்டம் முழுதாக மறையாது.

எனவே ஆப்ஷன் வாங்குபவர் பார்க்க வேண்டிய எண், 'இந்தியா விக்ஸ்' என்ற ஏற்ற இறக்கக் குறியீடு. அதை 19ஆல் வகுத்து, நிஃப்டி சமீப வாரங்களில் நாள்தோறும் நகர்ந்த அளவோடு ஒப்பிட்டால், வாடகை மலிவா அதிகமா என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நஷ்டத்துக்கு எல்லை உண்டுதான். ஆனால் மாதந்தோறும் வாங்குபவருக்கு, அந்த எல்லை மாதம் ஒருமுறை வந்துபோகும்.