மைக்கில் சொன்ன சொல் மறக்காது

சங்கரன்கோவிலில் தறி ஓடுகிற தெருக்களில், லோடு ஆட்டோவின் மைக் நீட்டி முழக்கினால் யார் காதிலும் ஏறாது. ஆனால் நம் இயற்கைக் காய்கறி வண்டிகள் பல, நஞ்சில்லா உணவு, ஆரோக்கியம், பாரம்பரியம் என்று ஒரு மேடைப் பேச்சையே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வருகின்றன. வண்டி நடை வேகத்தில் போனால் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நகரும். வீட்டுக்கு இந்தப் பக்கம் முப்பது, அந்தப் பக்கம் முப்பது மீட்டர் வரை சொல் தெளிவாகக் கேட்கிறது என்று வையுங்கள். உள்ளே இருக்கிற அக்காவுக்கு மொத்தம் நாற்பது நொடிதான். பன்னிரண்டு நொடியில் முடிகிற அறிவிப்பு என்றால் சிறு இடைவெளி விட்டு இரண்டு தடவை முழுசாகக் கேட்கும். பேச்சு நீண்டால் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்காது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

கத்தரி வந்திருக்கு, முத்தல் கிடையாது!
வெண்டை வந்திருக்கு, வண்டியில ஒடிச்சுப் பாருங்க!
நம்ம தோட்டம், நாங்க போட்டது!
மருந்து அடிக்கல, மறைக்க ஒண்ணுமில்ல!

கத்தரி–முத்தல், வெண்டை–வண்டி என்று எதுகை விழுகிறது. நம்ம–நாங்க, மருந்து–மறைக்க என்று மோனை விழுகிறது. தறிச் சத்தத்தில் பாதிச் சொல் போனாலும் மீதியைக் காது நிரப்பிக்கொள்ளும். பிள்ளைகள் ரெண்டே நாளில் திருப்பிச் சொல்லும். பெயரும் நம்மூர்ப் பெயராக இருக்கணும்: பெரிய வெங்காயம் என்காமல் பல்லாரி, கொத்தவரங்காய் என்காமல் சீனியவரைக்காய். விலையைப் பதிவு செய்யாதீங்க. அது தினமும் மாறும், வாயால் சொல்லுங்க.

மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் வேர்க்கடலை விற்ற புபன் பத்யகர் பாடிய ‘கச்சா பாதாம்’ 2022 வாக்கில் நாடெங்கும் பரவியது. மெட்டு ஒரு காரணம். இன்னொன்று, அதில் இருந்த நேரடிச் சேதி: என்னிடம் இருப்பது பச்சைக் கடலை, வறுத்தது இல்லை. அதை அங்கேயே கையில் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வில்லங்கம் இங்கேதான். வெண்டை பிஞ்சா என்று நுனியை ஒடித்தால் தெரிந்துவிடும். மருந்து அடித்ததா என்று எதை ஒடித்துப் பார்ப்பது? வண்டி நிறையணுமே என்று சந்தையில் வாங்கின உருளையும் பல்லாரியும் அதே வண்டியில் ஏறுகின்றன. பென்டிரைவோ எல்லாவற்றுக்கும் சேர்த்தே “மருந்து அடிக்கல” என்கிறது. “இன்னைக்குப் பறிச்சது” என்ற பதிவு, நேற்று மிஞ்சிய காய்க்கும் ஓடுகிறது. தெருவே மனப்பாடம் செய்த வரி பொய்யானால் அதே பிள்ளைகள் அதைக் கேலியாகப் பாடுவார்கள்.

ஆகவே சந்தைக் காயைத் தனிக் கூடையில் வையுங்க. கடைசியில் ஒரு வரி சேருங்க: “உருளை, பல்லாரி சந்தைச் சரக்கு, உள்ளதைச் சொல்லித்தான் விற்கோம்!” இதனால் உருளை ரெண்டு கிலோ குறைவாக விற்கலாம். கத்தரிக்குச் சொன்ன சொல் நிற்கும்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்கு நூறு மீட்டருக்குள் மைக்கை அணைச்சிருங்க, சட்டமும் அதுதான்.