எந்த அழுத்தம் என்று கேட்கப் பழக்குவோம்

மந்த வாயுவைச் சேர்த்தால் சமநிலை என்னவாகும்? நம் மாணவர்களிடம் இரண்டு வரி விடை ஆயத்தமாக இருக்கிறது: கன அளவு மாறாதெனில் விளைவில்லை, அழுத்தம் மாறாதெனில் வாயு மோல்கள் மிகும் பக்கம் நகரும். விடை சரியே. ஆனால், ‘முதல் நிலையில் கலனின் அழுத்தம் உயர்கிறதே, லீ சாட்லியர் தத்துவப்படி மோல்கள் குறையும் பக்கம் நகர வேண்டாமா?’ என்று கேட்டால் பலர் திகைக்கின்றனர். அழுத்தம் என்று பொதுவாகச் சொல்லி, எந்த அழுத்தம் என்பதைச் சொல்லாது விடும் நம் கற்பித்தலே இதற்குக் காரணம் என்பேன்.

N₂O₄ ⇌ 2NO₂ என்ற வினையைக் கொள்வோம். 25 °C-இல் இதன் Kp ஏறத்தாழ 0.15. ஒரு மோல் N₂O₄, 1 பார் அழுத்தத்தில் சமநிலையை எட்டும்போது 19 விழுக்காடு பிரிந்திருக்கும். N₂O₄-இன் பகுதி அழுத்தம் 0.68 பார், NO₂-இன் பகுதி அழுத்தம் 0.32 பார். கலனில் உள்ள மொத்த வாயு 1.19 மோல். அதே அளவு ஆர்கானை இதனுடன் சேர்ப்போம்.

கன அளவு மாறாத கலனில் மொத்த அழுத்தம் 2 பார் ஆகிறது. எனினும் 0.68, 0.32 என்ற எண்கள் அப்படியே நிற்கின்றன. வினைக் குணகம் Q இவ்விரண்டால் மட்டுமே ஆனது. ஆகவே அதுவும் மாறுவதில்லை, சமநிலையும் அசைவதில்லை.

பிஸ்டன் பொருத்திய கலனில் அழுத்தம் 1 பாராகவே இருக்க, கன அளவு இரட்டிக்கிறது. இரு பகுதி அழுத்தங்களும் பாதியாகின்றன. Q-இன் தொகுதியில் இருமடி இருப்பதால் அதுவும் பாதியாகி, 0.075-க்கு இறங்குகிறது. Q மீண்டும் 0.15-ஐ எட்டும்வரை N₂O₄ பிரிகிறது. பிரிகை 26 விழுக்காட்டில் நிற்கிறது.

இங்கே கண்ணும் நம்மை ஏமாற்றக்கூடும். NO₂ 0.38 மோலிலிருந்து 0.52 மோலாகக் கூடியும், கலனைப் பக்கவாட்டில் பார்த்தால் பழுப்பு நிறம் வெளிறியே தெரியும். கன அளவு அதைவிட மிகுதியாக விரிந்துவிட்டது. பிஸ்டன் நகரும் அச்சின் வழியே பார்த்தால்தான் நிறம் அடர்ந்திருக்கும்.

அம்மோனியா ஆலைகளுக்கும் இதே கணக்குதான். மொத்த அழுத்தம் நிலையாக இருக்கும் சுழற்சியில் ஆர்கான் சேரச் சேர, வினைபுரியும் வாயுக்களின் பகுதி அழுத்தம் தாழ்கிறது. சமநிலை அம்மோனியாவுக்கு எதிராகச் சாய்கிறது. அதனால்தான் வாயுவின் ஒரு பகுதியைத் தொடர்ந்து வெளியேற்றுகின்றனர். அங்கு நிலவும் உயர் அழுத்தத்தில் வாயுக்கள் நல்லியல்பிலிருந்து விலகுவதால் எண்கள் திருத்தம் பெறும், திசை மாறாது.

எனவே தேர்வில், ‘எப்பக்கம் நகரும்?’ என்பதற்கு முன், ‘பகுதி அழுத்தங்கள் என்னவாயின? Q என்னவாயிற்று?’ என்று கேட்போம். அவ்விரண்டுக்கும் விடை எழுதத் தெரிந்த மாணவருக்கு அந்த இரண்டு வரி தேவைப்படாது.